விலையை எதால் வகுப்பது? ஜிபி கணக்கும் சீட் கணக்கும்

சில வருடங்களுக்கு முன் என் போனில் இடம் தீர்ந்துபோய், கிளவுட் ஸ்டோரேஜ் வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள். ஒவ்வொன்றின் விலையையும் அதன் ஜிபியால் வகுத்தேன். சின்னதைவிடப் பெரியதில் ஒரு ஜிபி நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. கணக்குப் பார்த்து வாங்குகிறவன் என்ற மிதப்பில் பெரியதையே ஒரு வருடத்துக்குக் கட்டினேன். வருடக் கடைசியில் பார்த்தால் 2,000 ஜிபியில் நான் நிரப்பியிருந்தது 140. மீதி இடத்துக்கு சும்மா வாடகை கொடுத்திருக்கிறேன்.

வகுத்ததில் பிழை இல்லை. எந்த எண்ணால் வகுத்தேன் என்பதில்தான் பிழை. விற்பவர் தரும் அளவால் வகுத்தால் பெரிய திட்டம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் விலைப்பட்டியலையே பெரும்பாலும் அப்படித்தான் அமைக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் அளவால் வகுத்தால் வரிசை சில சமயம் தலைகீழாகிவிடும். முதன்முதலாக இப்படி ஒரு திட்டம் வாங்கப் போகிறவர் போடவேண்டிய கணக்கை ஒரு வீடு, ஒரு போன், ஒரு சின்ன அலுவலகம் என்று மூன்று இடங்களில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேப்பரும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே அச்சில் கொண்டுவாருங்கள்

வகுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு திட்டம் மாத விலை சொல்லும், இன்னொன்று வருட விலை சொல்லும், மூன்றாவது 28 நாளுக்குச் சொல்லும். ஒன்றில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், இன்னொன்றில் பணம் கட்டும் பக்கத்தில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கிலோவையும் படியையும் ஒப்பிடுவது போலாகும்.

நான் எல்லாவற்றையும் "ஒரு வருடத்துக்கு என் கையிலிருந்து போகும் ரூபாய்" என்ற ஒரே எண்ணாக மாற்றிவிடுவேன். மாத விலை என்றால் 12ஆல் பெருக்கல். 28 நாள் ரீசார்ஜ் என்றால் 12ஆல் பெருக்கக்கூடாது. வருடத்தில் அது 13 முறை வரும். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364 நாள், வருடம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் பற்றி நிறையப் புகார்கள் வந்த பிறகுதான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றையும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. பட்டியலில் எங்கோ கீழே இருக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்தது வரி. இந்தியாவில் இந்தச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் எல்லா விலையையும் வரியோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள, கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய தொழில் என்றால், எல்லாவற்றையும் வரி இல்லாமல் எழுதிக்கொள்ளலாம். எப்படி எழுதினாலும் எல்லா வரிசையிலும் அதே முறை இருக்கவேண்டும். வரியை எடுக்கும்போது ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. வரியோடு 177 ரூபாய் என்றால், வரி இல்லாத விலையைக் காண 177ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும், 150 வரும். 177இலிருந்து 18 சதவீதத்தைக் கழித்தால் 145 சொச்சம் வரும், அது தப்பு. விலை டாலரில் இருந்தால் அன்றைய மாற்று விகிதத்தோடு உங்கள் கார்டு வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகுத்தல்கள்

இப்போது வகுக்கலாம். ஒரே திட்டத்துக்கு மூன்று தடவை, மூன்று வெவ்வேறு எண்களால் வகுக்கப் போகிறோம்.

முதல் வகுத்தல், விலையைத் திட்டத்தின் அளவால் வகுப்பது. இது விளம்பர விலை. இரண்டாவது, அதே விலையை நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் அளவால் வகுப்பது. இதை உபயோக விலை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை யாரும் போடுவதில்லை, ஆனால் முடிவு எடுக்க அதுதான் அதிகம் உதவும். ஒரு படி மேலே ஏறினால் எவ்வளவு கூடுதல் ரூபாய், அதற்கு எவ்வளவு கூடுதல் இடம் என்று பார்த்து, வித்தியாசத்தை வித்தியாசத்தால் வகுப்பது. இது படி விலை.

உதாரணத்துக்கு கூகுள் ஒன் எடுத்துக்கொள்கிறேன், நம்மில் பலர் பார்த்திருப்பதால். இந்தியாவில் அதன் வருட விலைகள் நெடுநாளாக இப்படி இருந்துவந்தன: 100 ஜிபிக்கு 1,300 ரூபாய், 200 ஜிபிக்கு 2,100, 2 டிபிக்கு 6,500. நீங்கள் வாங்கும் அன்று திரையில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. (2 டிபி என்பதை 2,000 என்று எடுப்பதா 2,048 என்று எடுப்பதா என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். வித்தியாசம் இரண்டரை சதவீதம்கூட இல்லை. அவ்வளவு நெருக்கமாக முடிவு வந்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான்.)

விளம்பர விலை, ஒரு ஜிபிக்கு ஒரு வருடத்துக்கு: 100 ஜிபியில் 13 ரூபாய், 200 ஜிபியில் 10.50, 2 டிபியில் 3.25. நான் விழுந்த குழி இதேதான்.

உபயோக விலைக்கு ஆள் வேண்டும். என் அக்காவின் கணக்கை வைத்துக்கொள்வோம். படங்கள், வீடியோக்கள், ஜிமெயில் எல்லாம் சேர்ந்து 130 ஜிபி. 100 ஜிபி திட்டம் போதாது. 200 ஜிபி திட்டத்தில் 2,100ஐ 130ஆல் வகுத்தால் 16 ரூபாய் 15 பைசா. 2 டிபியில் 6,500ஐ 130ஆல் வகுத்தால் 50 ரூபாய். மூன்றேகால் ரூபாய் என்று தெரிந்த ஜிபி, அக்காவுக்கு ஐம்பது ரூபாய்க்கு வந்து நிற்கிறது.

இனி படி விலை. கூகுள் கணக்கில் 15 ஜிபி எல்லோருக்கும் சும்மா கிடைக்கிறது. 100 ஜிபி திட்டம் வாங்கினால் மொத்தம் 100தான், 115 இல்லை. ஆக, 1,300 ரூபாய்க்கு நாம் வாங்குவது 85 ஜிபி; ஜிபிக்கு 15 ரூபாய் 29 பைசா. 100இலிருந்து 200க்கு ஏற 800 ரூபாய்க்கு 100 ஜிபி. ஜிபிக்கு 8 ரூபாய். 200இலிருந்து 2 டிபிக்கு ஏற 4,400 ரூபாய்க்கு 1,800 ஜிபி. ஜிபிக்கு 2 ரூபாய் 44 பைசா.

படி விலையைப் பார்த்ததும் "ஆகா, அடுத்த படி எவ்வளவு மலிவு" என்று ஏறிவிடக்கூடாது. அது தரும் பயன் வேறு. கேள்வியை அது சின்னதாக்குகிறது. அக்கா இப்போது கேட்கவேண்டியது "எது மலிவு" என்பதல்ல, "4,400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 1,800 ஜிபி வாங்குகிறேனே, அதில் இந்த வருடம் எத்தனை ஜிபியைத் தொடுவேன்?" என்பதுதான். விடை பூஜ்யம் என்றால் அந்தப் படியின் விலை 4,400 ரூபாய், அவ்வளவுதான்.

கீழே இறங்கவும் அதே கணக்கு. 130 ஜிபியில் முப்பதுக்கு மேல் துடைத்துப் போட முடிந்தால் 100 ஜிபி திட்டம் போதும், வருடம் 800 ரூபாய் மிச்சம். அக்காவின் போனில் வந்து குவிந்திருக்கும் காலை வணக்கப் படங்களையும், ஒரே கல்யாணத்தை நான்கு பேர் அனுப்பிய அதே வீடியோக்களையும் நினைத்துப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் முடிகிற வேலை. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் மறுபடி 100ஐத் தாண்டிவிடும் என்றால் அந்த மெனக்கெடல் வீண். அதனால்தான் அடுத்த எண் தேவைப்படுகிறது.

வளரும் வேகம்

இன்று எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டும் போதாது; மாதம் எவ்வளவு கூடுகிறது என்றும் தெரிய வேண்டும். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து இன்றைய எண்ணைக் குறித்துவையுங்கள், முப்பது நாள் கழித்து மறுபடி பாருங்கள். கோடை விடுமுறை, வீட்டு விசேஷம் வந்த மாதமாக இருந்தால் அது சராசரி ஆகாது. இன்னொரு மாதம் பாருங்கள்.

அக்காவுக்கு மாதம் 5 ஜிபி கூடுகிறது. 200இல் 130 போக மீதி 70. எழுபதை ஐந்தால் வகுத்தால் 14 மாதம். அதாவது 200 ஜிபி திட்டத்தை ஒரு வருடத்துக்குத் தைரியமாக வாங்கலாம். வருட முடிவில் 190இல் நிற்கும். அடுத்த வருடம் 2 டிபிக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கு 2,100ம் 6,500ம் சேர்த்து 8,600 ரூபாய். முதல் நாளே 2 டிபி வாங்கியிருந்தால் 13,000. எப்படியும் ஏறத்தான் போகிறோம் என்பது இன்றே ஏறுவதற்குக் காரணம் ஆகாது.

வளர்ச்சி வேகமாக இருந்தால் வேறு மாதிரி. மாதம் 10 ஜிபி என்றால் ஏழாவது மாதத்தில் 200 நிரம்பிவிடும். அப்போது வருடக் கட்டணத்தில் மாட்டிக்கொள்ளாமல் மாதக் கட்டணத்தில் இருப்பது நல்லது. மாத விலைகள் 200 ஜிபிக்கு 210, 2 டிபிக்கு 650 என்று இருந்துவந்தன. ஆறு மாதம் சின்னதில், ஆறு மாதம் பெரியதில் இருந்தால் 1,260ம் 3,900ம் சேர்த்து 5,160 ரூபாய். 2 டிபியை வருடத்துக்கு எடுத்தால் 6,500. வருடக் கட்டணத்தில் இரண்டு மாதம் இலவசம் என்று தெரிந்தாலும், இங்கே மாதக் கட்டணம்தான் குறைவு.

நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூகுளில் படங்களும் டிரைவும் ஜிமெயிலும் ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றன. அது நிரம்பினால் படங்கள் ஏறாதது மட்டுமில்லை, மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். பேங்க் கடிதமும் பள்ளிக்கூடத்துச் செய்தியும் அந்த மெயிலில்தான் வருகின்றன என்றால் மேலே கொஞ்சம் இடம் விட்டுவைப்பது வீண்செலவு இல்லை. நான் பத்து சதவீதம் விடுவேன்.

இதையெல்லாம் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் போடுகிறவர்களுக்கு: B பத்தியில் வருட விலை, C பத்தியில் ஜிபி, சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக. F1 கட்டத்தில் உங்கள் தேவை. மூன்று வகுத்தலும் இப்படி வரும்.

```
=B2/C2
=IF(C2<$F$1,"போதாது",B2/$F$1)
=(B3-B2)/(C3-C2)
```

இரண்டாவது வரியில் அந்த "போதாது" முக்கியம். அது இல்லாவிட்டால், போதாத சின்னத் திட்டம்தான் எப்போதும் மலிவாகத் தெரிந்து முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பங்கு போட்டால்

அக்கா தனியாக வாங்கினால் மேலே சொன்ன கணக்கு. குடும்பமாகச் சேர்ந்தால் வகுக்கும் எண்ணே மாறிவிடுகிறது. கூகுள் ஒன் திட்டத்தை வாங்கியவர் இன்னும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ளலாம், ஆக ஆறு பேர். ஒவ்வொருவரும் தனித்தனியாக 100 ஜிபி வாங்குவதானால் ஐந்து பேருக்கு 6,500 ரூபாய். அதே 6,500க்கு 2 டிபி கிடைக்கிறது. ஐந்து பேர் என்றால் சமம், ஆறாவது ஆள் சேர்ந்தால் 1,300 ரூபாய் லாபம். ஆறு பேருக்கும் மொத்தமாக 200 ஜிபியே போதும் என்றால் 2,100தான், ஆளுக்கு 350 ரூபாய். அதனால் முதலில் ஆட்களின் உபயோகத்தைக் கூட்டுங்கள், பிறகு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இடம் பொது, இவருக்கு இவ்வளவு என்று வரப்பு கிடையாது. வீட்டில் ஒருவர் 4கே வீடியோ எடுக்கப் பழகினால் எல்லாருடைய இடமும் அவரால் தீரும்.

போன் ரீசார்ஜ்: தினசரி டேட்டாவின் சூட்சுமம்

ஸ்டோரேஜில் மிச்சமானது அங்கேயே இருக்கும். போன் டேட்டாவில் அப்படி இல்லை. "தினம் 1.5 ஜிபி" என்ற திட்டத்தில் ராத்திரி 12 மணிக்கு மீதி எல்லாம் ஆவி. அதனால் சராசரி பார்த்து வகுத்தால் ஏமாந்துபோவோம்.

இங்கே விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. 28 நாளுக்கு 300 ரூபாய், தினம் 1.5 ஜிபி. விளம்பரக் கணக்கில் 42 ஜிபி, ஜிபிக்கு 7 ரூபாய் 14 பைசா. வாங்குகிறவர் வேலை நாளில் அலுவலக வைஃபையில் இருக்கிறார், போன் டேட்டா 0.4 ஜிபிதான் செலவாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் கிரிக்கெட் பார்க்கிறார், அன்று அவருக்கு 4 ஜிபி வேண்டும். 28 நாளில் 24 நாள் 0.4, நான்கு நாள் 4. கூட்டினால் 25.6 ஜிபி தேவை. 42 கிடைக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை 1.5 முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் ஓடாது. ஆக அவர் உண்மையில் பயன்படுத்த முடிந்தது 24 நாளுக்கு 9.6ம், நான்கு ஞாயிறுக்கு 6ம், மொத்தம் 15.6 ஜிபி. 300ஐ அதால் வகுத்தால் ஜிபிக்கு 19 ரூபாய் 23 பைசா. அதோடு ஞாயிறு தோறும் "டேட்டா ஆட் ஆன்" வேறு போடுவார், அதையும் கூட்ட வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு 28 நாளுக்கு மொத்தமாக 30 ஜிபி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் 350 ரூபாய்க்குக் கிடைத்தால் விளம்பர விலை ஜிபிக்கு 11 ரூபாய் 67 பைசா, முதல் திட்டத்தைவிட அதிகம். உபயோக விலையோ 350ஐ 25.6ஆல் வகுத்தால் 13 ரூபாய் 67 பைசா, முதல் திட்டத்தைவிடக் குறைவு. தினமும் ஒரே மாதிரி 1.4 ஜிபி ஓட்டுகிற கல்லூரி மாணவருக்கு இதே ஒப்பீட்டில் தினசரித் திட்டம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் அவருக்கு 30 ஜிபி போதவே போதாது. சில போன்களின் செட்டிங்ஸில் நாள்வாரியாக டேட்டா செலவு தெரியும். அதிக நாளையும் குறைந்த நாளையும் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் மொத்த டேட்டா திட்டத்தையும் கணக்கில் எடுங்கள்.

சீட் கணக்கு: ஒரு ஆடிட்டர் அலுவலகம்

மென்பொருள் விற்பவர்கள் "சீட்" என்பது ஒரு ஆளுக்கான லாகின். அலுவலக மெயில், கணக்கு மென்பொருள், வீடியோ மீட்டிங் எல்லாம் இப்படித்தான் விற்கப்படுகின்றன. ஜிபிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: ஆட்கள் வருவார்கள், போவார்கள். அதனால் இங்கே வகுக்கும் எண் சீட் இல்லை, சீட் மாதம். ஒரு ஆள் ஒரு மாதம் பயன்படுத்தினால் ஒரு சீட் மாதம்.

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நிரந்தரமாக 6 பேர். வருமான வரித் தாக்கலும் வரித் தணிக்கை அறிக்கையும் குவியும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் கூடுதலாக 3 பேர். அறுபன்னிரண்டு எழுபத்திரண்டு, மும்மூன்று ஒன்பது. வருடத்துக்கு 81 சீட் மாதம். இதுதான் அவர்களுடைய தேவை.

அவர்கள் முன்னால் மூன்று திட்டங்கள். விலைகள் வரி இல்லாமல், எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை. முதலாவது, மாதாமாதம் கூட்டலாம் குறைக்கலாம், சீட்டுக்கு மாதம் 192 ரூபாய். இரண்டாவது, ஒரு வருட ஒப்பந்தம், சீட்டுக்கு மாதம் 160. மூன்றாவது, 10 சீட் கொண்ட ஒரே பேக், வருடத்துக்கு 15,000. முதல் இரண்டுக்கும் இடையே 20 சதவீத வித்தியாசம் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் வணிகத் திட்டங்களுக்குப் புது விற்பனை முறை கொண்டுவந்தபோது, மாத ஒப்பந்தத்துக்கு வருட ஒப்பந்தத்தைவிட 20 சதவீதம் கூடுதல் என்றுதான் வைத்தது.

விளம்பர விலைப்படி பேக்தான் மன்னன். 15,000ஐ 10 சீட்டாலும் 12 மாதத்தாலும் வகுத்தால் சீட்டுக்கு மாதம் 125 ரூபாய். விற்பனைப் பிரதிநிதி இந்த எண்ணைத்தான் சொல்வார். இனி 81ஆல் வகுப்போம்.

| வாங்கும் விதம் | வருடச் செலவு | ஒரு சீட் மாதத்துக்கு |
|---|---|---|
| எல்லாம் மாத ஒப்பந்தம் | 15,552 | 192.00 |
| 9 சீட்டும் வருட ஒப்பந்தம் | 17,280 | 213.33 |
| 10 சீட் பேக் | 15,000 | 185.19 |
| 6 வருட ஒப்பந்தம், 3 மாத ஒப்பந்தம் | 13,248 | 163.56 |

160 ரூபாய் என்று போட்டிருந்த வருட ஒப்பந்தம், மூன்று மாதமே வருகிற ஆட்களுக்கும் சேர்த்து வாங்கினால் எல்லாவற்றையும்விட விலை கூடியதாகிவிட்டது. 125 ரூபாய் பேக் உண்மையில் 185 ரூபாய். நான்காவது வரிசை எந்த விலைப்பட்டியலிலும் இல்லாதது, நாமே கலந்து செய்தது: நிரந்தர 6 பேருக்கு வருட ஒப்பந்தம் 11,520 ரூபாய், சீசன் ஆட்கள் 3 பேருக்கு மூன்று மாதம் மட்டும் மாத ஒப்பந்தம் 1,728 ரூபாய். ஆனால் ஒரே கணக்கில் இரண்டு வகை ஒப்பந்தமும் கலந்து வாங்க எல்லா நிறுவனங்களும் விடுவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "ஆகும் சார்" என்பதை நம்பவேண்டாம்.

யாருக்கு மாதம், யாருக்கு வருடம் என்று ஒவ்வொரு ஆளுக்கும் தீர்மானிக்க ஒரு எல்லை கண்டுபிடிக்கலாம். வருடச் சீட் ஒன்றின் மொத்த விலை 1,920. அதை மாத விலை 192ஆல் வகுத்தால் 10. பத்து மாதத்துக்குக் குறைவாக இருப்பவருக்கு மாத ஒப்பந்தம், அதற்கு மேல் இருப்பவருக்கு வருட ஒப்பந்தம். மாத ஒப்பந்தம் வருட ஒப்பந்தத்தைவிட 20 சதவீதம் கூடுதலாக இருக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தப் பத்து பொருந்தும். நிரந்தர ஊழியர்தான், ஆனால் ஜனவரியில் கல்யாணமாகி பெங்களூரு போகிறார் என்று தெரிந்தால் அவரும் கணக்குப்படி சீசன் ஆள்தான்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்போம். அலுவலகம் இன்னொருவரை நிரந்தரமாக எடுக்கிறது, 7 பேர். கலவைத் திட்டம் 13,440ம் 1,728ம் சேர்த்து 15,168 ஆகிறது. பேக் அதே 15,000. சீசனில் மொத்தம் 10 பேர், பேக்கில் சரியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். 168 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் ஜெயித்தவர் மாறிவிட்டார். எட்டாவது ஆள் நிரந்தரமாக வந்தால் மறுபடி மாறும், ஏனென்றால் சீசனில் 11 பேர், பேக்கில் பத்துதான். பதினொன்றாவது ஆளுக்காக இன்னொரு 10 சீட் பேக் வாங்கச் சொன்னால் 30,000. பதினொன்றாவது சீட்டைத் தனியாக விற்பார்களா, என்ன விலைக்கு என்று பேக் வாங்கும் அன்றே கேட்டுவைக்க வேண்டும்.

சீட் திட்டத்துக்குள் ஜிபியும் ஒளிந்திருக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் பிசினஸ் ஸ்டார்ட்டர் என்றால் ஆளுக்கு 30 ஜிபி, பிசினஸ் ஸ்டாண்டர்ட் என்றால் ஆளுக்கு 2 டிபி. அலுவலகம் முழுவதற்கும் சேர்த்துப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பைல்கள் நிறைந்த ஆடிட்டர் அலுவலகத்தில் 6 பேருக்கு 180 ஜிபி எவ்வளவு நாள் தாங்கும் என்று பாருங்கள். தாங்காது என்றால், இடத்துக்காக மட்டும் எல்லாச் சீட்டையும் மேல் திட்டத்துக்கு ஏற்றுவதா, வேறு இடத்தில் தனியாக ஸ்டோரேஜ் வாங்குவதா என்று படி விலை போட்டுப் பார்க்க வேண்டும். ஏற்றத்துக்கான கூடுதல் ரூபாயை, நீங்கள் தொடப்போகிற கூடுதல் ஜிபியால் வகுங்கள். 1,800 ஜிபி கணக்கில் பார்த்தது போலத்தான்.

வருட ஒப்பந்தம் போட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நடுவில் சீட் கூட்டலாம், குறைக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் புது முறையில் வாங்கியதிலிருந்து அல்லது புதுப்பித்ததிலிருந்து ஏழு நாள்தான் குறைக்க அவகாசம். தானாகப் புதுப்பிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் பழைய எண்ணிக்கையே இன்னொரு வருடத்துக்கு உறுதியாகிவிடும். அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் போனில் ஒரு ரிமைண்டர் போட்டு, அதற்குள் கடந்த பன்னிரண்டு மாதத்தின் சம்பளப் பட்டியலைப் பார்த்து சீட் மாதத்தை மறுபடி கூட்டுங்கள். போன வருடம் 81 என்று எழுதிய பேப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப்போனவர்களின் லாகின்கள் அதில் எத்தனை இருந்தன என்று அப்போது தெரியும். அவர்களுடைய மெயிலையும் பைல்களையும் வேறொருவர் கணக்குக்கு மாற்றிய பிறகுதான் அந்தச் சீட்டை விடவேண்டும், முன்னால் விட்டால் டேட்டாவும் சேர்ந்து போய்விடும்.